போனதை எழுதினேன், வந்ததை எழுதவில்லை

கேள்வி: இந்த வருடம் முடிவதற்குள் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் என்றால் யாருக்குச் சொல்வீர்கள்? அவர் சொன்ன யோசனையால் உங்களுக்கு உண்மையிலேயே என்ன மாறியது?

ஈரோட்டில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து, சுற்றுவட்டாரத்தில் 14 கடைகளுக்குப் போடுகிறேன். நான் நன்றி சொல்ல வேண்டியவர் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி மகள் வீட்டில் இருக்கும் ஒரு பெரியவர். நாற்பது வருடம் ஓட்டல்களில் மாவு மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போட்டால் திட்டுவார், அதனால் மாஸ்டர் என்றே சொல்கிறேன்.

போன வருடம் செப்டம்பரில் ஆரம்பித்தேன். குளிர் மாதங்கள் நன்றாகத்தான் போயின. மார்ச் பிறந்ததும் கடைகளிலிருந்து பாக்கெட்டுகள் பலூன் மாதிரி உப்பித் திரும்பி வர ஆரம்பித்தன. கடைக்காரர்கள் ராத்திரியில் ஃப்ரிட்ஜை அணைத்துவிடுகிறார்கள் என்று நான் எல்லாரிடமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். (அது பொய்யும் இல்லை. இரண்டு கடையில் இன்றும் அணைக்கிறார்கள்.)

ஏப்ரலில் ஒருநாள் மாஸ்டர் உப்பிய பாக்கெட் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். காசைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "அம்மிணி, இது எத்தனை மணிக்கு அரைச்சது?" என்றுதான் கேட்டார். மதியம் இரண்டு மணிக்கு என்றேன். கணக்கு நோட்டைக் கேட்டார். காட்டினேன். ஒவ்வொரு நாளும் எந்தக் கடைக்கு எத்தனை என்று ஒழுங்காகத்தான் எழுதியிருந்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "போனதெல்லாம் எழுதியிருக்கறே. வந்தது எங்கே?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. திரும்பி வந்ததைக் கொட்டிவிடுவேன், அவ்வளவுதான். அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கிலோ பாக்கெட்டுக்கு அரிசி, உளுந்து, கரண்ட், கவர், பெட்ரோல் எல்லாம் சேர்த்து எனக்கு 32 ரூபாய் ஆகிறது. கடைக்கு 38 ரூபாய்க்குக் கொடுக்கிறேன், 6 ரூபாய் நிற்கும். தினமும் 120 பாக்கெட் போகிறது, அப்போது சுமார் 20 திரும்பி வந்துகொண்டிருந்தது. விற்ற 100-க்கு 600 ரூபாய் லாபம். கொட்டிய 20-க்கு 640 ரூபாய் நஷ்டம். ஒரு பாக்கெட் திரும்பினால் ஐந்து பாக்கெட்டின் லாபத்துக்கு மேல் தின்றுவிடுகிறது. காலை முதல் இரவு வரை உழைத்து, நான் தினமும் 40 ரூபாய் கையிலிருந்து போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரிடம் இதை நான் பத்து நாள் சொல்லவில்லை.

அடுத்த நாள் மாஸ்டர் அரைக்கும் நேரத்துக்கே வந்துவிட்டார். எதையும் மாற்றச் சொல்லவில்லை. மருந்துக்கடையில் போய் ஊசி மாதிரி குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் கிடைக்குமா பார் என்றார். அங்கே கிடைக்கவில்லை, பேக்கரி சாமான் விற்கிற கடையில் கிடைத்தது. ஊறவைத்த தண்ணீர், அரைத்து முடித்த மாவு, ஃப்ரிட்ஜில் வைத்து நாலு மணி நேரம் ஆன மாவு, இந்த மூன்றின் சூட்டையும் அன்றைய ரிட்டனையும் பத்து நாள் எழுது, அதுவரை என்னைக் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம்தான் வந்தது. பத்து நாளில் இன்னும் 200 பாக்கெட் கொட்டணுமே!

எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மொட்டைமாடித் தொட்டியில் கிடந்த தண்ணீர் மதியத்தில் 37 டிகிரி. அதிலேயே அரிசியும் உளுந்தும் ஐந்து மணி நேரம் ஊறுகின்றன. கிரைண்டர் கல் சுற்றச் சுற்ற உரசல் சூடு வேறு ஏறும். மாவு வெளியே வரும்போது 39, 40 காட்டியது. மாவைப் புளிக்கவைக்கிற கிருமிகள் எங்கிருந்தோ வந்து விழுபவை அல்ல. உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே இருப்பவைதான், கதகதப்பான ஈரம் கிடைத்தால் வேலையை ஆரம்பித்துவிடும். அவை விடுகிற வாயுதான் இட்லியைப் பஞ்சாக்குகிறது. அதே வாயு ஒட்டிய கவருக்குள் வந்தால் பாக்கெட் உப்புகிறது. மாவு கடைக்குப் போன பிறகுதான் புளிக்கிறது என்று நினைத்திருந்தேன். என் வீட்டில் ஊறும்போதே அது தொடங்கிவிட்டது.

மூன்றாவது கணக்குதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அரைத்த மாவை 20 கிலோ டிரம்மில் ஊற்றி, அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்து, இரவு பாக்கெட் போடுவேன். நாலு மணி நேரம் கழித்து ஓரத்தில் ஊசியைக் குத்தினால் 15 டிகிரி. நடுவில் குத்தினால் 35. மேலே தொட்டுப் பார்த்து ஜில்லென்று இருக்கிறதே என்று இத்தனை மாதம் ஏமாந்திருக்கிறேன். மாவு கெட்டியான பொருள், தண்ணீர் மாதிரி உள்ளே புரளாது. நடுவில் இருக்கும் சூடு வெளியே வருவதற்குள் அங்கே பாதி புளித்துவிடும். ஒரே டிரம்மில் போட்ட பாக்கெட்டுகளில் சில நன்றாக இருப்பதும் சில உப்புவதும் ஏன் என்பதற்கும் இதுதான் பதில்.

பத்தாம் நாள் நோட்டைப் பார்த்துவிட்டு மாஸ்டர் சொன்னது இவ்வளவுதான்: "பதினாலு கடை ஃப்ரிட்ஜை உன்னால காவல் காக்க முடியாது. மாவு உன் வாசப்படி தாண்டும்போது எத்தனை சூடுங்கறது உன் கையில இருக்குது. அதை மட்டும் பாரு. ஒண்ணு ஒண்ணா மாத்து, மொத்தமா மாத்துனா எதனால சரியாச்சுன்னு தெரியாது."

முதல் வாரம் நேரத்தை மட்டும் மாற்றினேன். இரவு பதினொரு மணிக்கு ஊறவைத்து விடியக்காலை நாலு மணிக்கு அரைப்பது. அந்த நேரத்தில் தொட்டித் தண்ணீர் 29 டிகிரிதான். மாவு 33-க்கு இறங்கியது, ரிட்டன் 20-இலிருந்து 13 ஆனது. இரண்டாவது வாரம் ஐஸ். ஒரு கிலோ ஐஸ் உருகினால் பத்து லிட்டர் தண்ணீரின் சூட்டை ஏறத்தாழ 8 டிகிரி இறக்கும். அதனால் அரைக்கிற தண்ணீரில் ஒரு பங்கைக் குறைத்து அந்த எடைக்கு ஐஸ் போட வேண்டும். தண்ணீரையும் ஊற்றி மேலே ஐஸும் போட்டால் மாவு நீர்த்துவிடும், முதல் நாள் அந்தத் தப்பைச் செய்தேன். உளுந்துக்கு ஐஸ்கட்டி போடாமல் ஜில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து ஆட்டச் சொன்னார். நொறுக்கிய ஐஸ் அரிசிக்கு மட்டும். ஐஸ் நாம் குடிக்கிற தண்ணீரில் நாமே உறையவைத்ததாக இருக்க வேண்டும், மீன் கடைக்கு வருகிற ஐஸை நினைத்துக்கூடப் பார்க்காதே என்று இரண்டு தடவை சொன்னார். டிபன் பாக்ஸ்களில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துக்கொள்கிறேன். இப்போது மாவு 25, 26-இல் வருகிறது.

மூன்றாவது, டிரம்மை விட்டேன். அரைத்த கையோடு பாக்கெட் போட்டு, ஃப்ரிட்ஜ் தட்டில் ஒரே அடுக்காக, பாக்கெட்டுக்குப் பாக்கெட் ஒரு விரல் இடைவெளி விட்டு வைக்கிறேன். இடம் போதவில்லை என்று பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்க வேண்டி வந்தது. இந்த யோசனைகளில் பெரிதாகக் காசு பிடித்தது அது ஒன்றுதான். மே கடைசியில், ஈரோட்டு வெயிலில், ரிட்டன் நாளுக்கு நாலு. 116 பாக்கெட்டுக்கு 696 ரூபாய் லாபம், நாலுக்கு 128 நஷ்டம், மிச்சம் 568. ஒரு பாக்கெட்கூட அதிகம் போடாமல் வந்த பணம் இது.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆகஸ்டில் நாலைந்து நாள் வேறு மாதிரிப் புகார் வந்தது. இட்லி தட்டையாக, கல்லு மாதிரி இருக்கிறது என்றார்கள். நோட்டைப் பார்த்தால் சூடெல்லாம் சரியாக இருந்தது, ரிட்டனும் இல்லை. மாஸ்டரிடம் போனேன். அரைத்த உளுந்தில் ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் போடச் சொன்னார். முங்கியது. நன்றாக ஆட்டிய உளுந்து மிதக்க வேண்டும். மளிகையில் கொடுத்தது பழைய உளுந்து, எத்தனை நேரம் ஆட்டினாலும் பொங்கி வரவில்லை. உப்பி, புளிப்பு வாடை அடித்தால் சூட்டைப் பார், உப்பாமல் இட்லி மட்டும் தட்டையாக வந்தால் உளுந்தைப் பார் என்று அப்போது சொன்னது இன்றைக்கும் கிரைண்டருக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது.

இந்த மார்கழியில் இன்னொரு பாடம். ஐஸ் பழகிப்போய் டிசம்பரிலும் போட்டுவிட்டேன். மாவு 19 டிகிரியில் போனது. வாங்கினவர்கள் ராத்திரி வெளியே வைத்தும் காலையில் பொங்கவில்லை என்று மூன்று பேர் போன் செய்தார்கள். மாஸ்டருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ என்று பயந்து, நானே நோட்டைப் பார்த்து ஐஸை நிறுத்தினேன். இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நேற்று, வருடக் கடைசி என்று ஒரு வேட்டியும் இரண்டு பாக்கெட் மாவும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். உங்களால்தான் இந்த வருடம் குடும்பம் நிமிர்ந்ததுங்க என்று சொல்ல நினைத்துப் போனேன், பாதியிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் வேட்டியை மகளிடம் கொடுத்தார். பாக்கெட்டை மட்டும் கையில் வாங்கி, விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இப்ப ரிட்டன் எத்தனை வருது?"

"மூணுதானுங்க."

"எந்தக் கடையிலிருந்து?"

தெரியவில்லை. எந்தக் கடை என்பதை நான் எழுதவே இல்லை. இன்று காலை நோட்டில் புதிதாக ஒரு கோடு போட்டிருக்கிறேன்.