புதுச் சேலையில் ஊசித் துளைகள்

“புது கைத்தறி காட்டன் சேலை. இரண்டு ஓரத்திலும் வரிசையாகச் சின்னத் துளைகள், உடலில் ஒரு முடிச்சு. திருப்பி அனுப்பலாமா?”

வேண்டாம், இரண்டுமே நெசவில் இயல்பாக வருபவை. நெய்யும்போது துணி உள்நோக்கி ஒடுங்காமல் இருக்க, அகலவாட்டில் ஒரு குச்சியை வைத்து இழுத்துப் பிடிப்பார்கள். அதன் இரு முனையிலும் ஊசிகள் இருக்கும். நெய்யநெய்ய அதை நகர்த்திக் குத்துவதால்தான் ஓரத்தில் அந்த வரிசை.

சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துளைகள் இரண்டு ஓரத்திலும் நேருக்கு நேராக இருந்து, இழை அறாமல் விலகி மட்டும் இருந்தால் கவலையில்லை. துவைத்தால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். நடு உடலில் துளை, அறுந்த இழை என்றால் அது சேதம், தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள்.

முடிச்சு, பாவு நூல் அறுந்ததை நெசவாளர் கையால் இணைத்த இடம். அழகுக்காக அதை ஒட்ட வெட்டிவிடாதீர்கள், அங்கேயே பிரியும். (என் சேலை ஒன்று அப்படித்தான் போனது.)

அப்புறம், முதல் துவைப்பு தனியாக, குளிர்ந்த நீரில். அதிகம் ஊறவைக்காமல் நிழலில் உலர்த்துங்கள். கஞ்சி போய்ச் சற்றுத் தளரும், கொஞ்சம் சுருங்கவும் செய்யும்.

ஒன்று மட்டும்: ஓரத் துளை இருப்பதாலேயே கைத்தறி என்று நம்பிவிட முடியாது. விசைத்தறித் துணியிலும் அது வரும்.