மெஷினைக் குறைத்து விற்று ஃபில்டரில் எடுக்கலாமா? ஆர்.ஓ. வியாபாரிகளுக்கான கேள்வி பதில்

திருப்பூர், ஆர்.ஓ. அசெம்பிள் செய்து விற்பவர்: அண்ணா, ஃபிட்டிங்கோட சேர்த்து மெஷின் எனக்கு 7,000 அடங்குது, 9,500க்கு விக்கிறேன். 6,500க்கு இறக்கிட்டு ஃபில்டர்ல எடுத்துக்கலாம்னு யோசனை. வருஷ ஃபில்டர் செட் 2,400, பொருள் அடக்கம் 700. அஞ்சு வருஷத்துல ஒரு வீட்டுக்கு 8,500 நிக்குது. சரிதானே?

தம்பி, இதில் இரண்டு செலவு விடுபட்டிருக்கிறது. முதலாவது, ஃபில்டர் தானாக வீட்டுக்குப் போய் மாட்டிக்கொள்ளாது. வருடத்துக்கு இரண்டு தடவை மாற்றப் போக வேண்டும். ஒழுகல், மோட்டார் சத்தம் என்று இன்னொரு தடவை கூப்பிடுவார்கள். பையனின் நேரமும் பெட்ரோலும் சேர்த்து ஒரு நடைக்கு 250 என்று வையுங்கள். 750 போய்விடும். உங்கள் 1,700 இப்போது 950.

இரண்டாவதுதான் பெரியது. விற்ற வீடெல்லாம் உங்களிடமே திரும்பி வரும் என்று வைத்துக்கொண்டீர்கள். நூறு மெஷின் விற்றால் முதல் வருடம் 60 வீடு, பிறகு 40, 30, 20, 15 என்று குறைவதாக ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். ஐந்து வருடத்தில் நீங்கள் நினைத்தது 500 செட். போவது 165. அதை 950 ஆல் பெருக்கினால் 1,56,750. மெஷினுக்குச் சுமார் 1,570 ரூபாய்.

6,500க்கு விற்றால் மெஷினில் 500 நட்டம், ஃபில்டரில் 1,570 வரவு, ஆக மொத்தம் 1,070. 9,500க்கு விற்றாலும் அதே ஃபில்டர் வரவு உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். அப்போது 2,500ம் 1,570ம் சேர்ந்து 4,070. விலையை இறக்கினால் இப்போது விற்பதைப் போல கிட்டத்தட்ட நாலு மடங்கு விற்றால்தான் அதே பணம் கையில் நிற்கும். அதுவும் ஐந்து வருடம் காத்திருந்து.

இன்னொன்று: 3,000 ரூபாய் குறைகிறது என்று வருகிறவர், ஃபில்டரும் எங்கே குறைவு என்று தேடுகிறவர்தான். விலை இறங்கினால் 60 என்பதும் இறங்கும். 250, 60 ஆகிய இரண்டிலும் உங்கள் சொந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

சென்னை, எம்.பி.ஏ. மாணவர்: சார், கில்லெட் ரேசரை இனாமா குடுத்துட்டு பிளேடுல சம்பாதிச்சாங்க. இதுவும் அதே மாடல்தானே?

பிளேடில் சம்பாதித்தார்கள் என்பது சரி. இனாமாகக் கொடுத்துத் தொடங்கினார்கள் என்பது சரியில்லை. 1903இல் கில்லெட் ரேசரின் விலை 5 டாலர், அந்தக் காலத்துக்குப் பெரிய தொகை. காப்புரிமை கையில் இருந்தவரை விலையை உயரத்திலேயே வைத்திருந்தார்கள். 1921இல் அது முடியும் தறுவாயில், போட்டியாளர் பிளேடும் வரலாம் என்றான பிறகுதான் மலிவு ரேசர் வந்தது.

நம் தொழிலில் பார்க்க வேண்டியது ப்யூரிட். இந்துஸ்தான் யூனிலீவர் அதை முதலில் சென்னையில்தான் இறக்கியது. அந்த முதல் மாடலுக்குக் கரண்ட் வேண்டாம், குழாய் இணைப்பு வேண்டாம். உள்ளே இருக்கும் கிட் சுமார் 1,500 லிட்டருக்கு வரும், தீர்ந்ததும் தண்ணீர் வருவது நின்றுவிடும். கிருமியைக் கொல்லும் மருந்து தீர்ந்த பிறகு ஓடவிட்டால் ஆபத்து. அதனால் அந்தப் பூட்டு வீட்டுக்காரருக்கும் நல்லது, கம்பெனிக்கும் நல்லது. கிட்டும் பொது அளவில்லை, அந்த மெஷினுக்கென்றே செய்தது.

நம் ஊர் அசெம்பிள் ஆர்.ஓ.வில் 10 இஞ்ச் ஸ்பன் ஃபில்டர், கால் இஞ்ச் டியூப், உப்பை வடிகட்டும் 75 ஜி.பி.டி. மெம்பரேன், எல்லாம் பொது அளவு. தெருமுனைக் கடையில் கிடைக்கும். ரேசர் மட்டும்தான் உங்களுடையது, பிளேடு ஊருடையது.

சேலம்: ஃபில்டருக்கு எத்தனை சதவீதம் மார்ஜின் வைக்கலாம்?

சதவீதத்தில் யோசிக்காதீர்கள். 60 ரூபாய் ஸ்பன்னை 180க்கு விற்றால் இரு மடங்கு லாபம் போலத் தெரியும், 250 ரூபாய் நடைக்குப் பிறகு கையை விட்டுப் போயிருக்கும். நடைச் செலவு போக எத்தனை ரூபாய் என்று பாருங்கள்.

மதுரை, சர்வீஸ் சென்டர் நடத்துபவர்: எல்லா வீட்டுக்கும் ஒரே ஏ.எம்.சி., மெம்பரேனும் சேர்த்து வருஷம் 3,000. ஆள் சேருது, ஆனா பணம் நிக்கல. ஏன்?

உங்களிடம் சேருகிற வீடுகளின் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைப் பாருங்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் வீட்டில் மெம்பரேன் இரண்டு மூன்று வருடம் தாங்கும், அவருக்கு 3,000 அதிகம் என்று தெரியும், சேரமாட்டார். 1,500 டி.டி.எஸ். போர்வெல் வீட்டில் வருடத்துக்குள் உப்புப் படிந்து அடைக்கும், அவர் முதல் ஆளாகச் சேருவார். ஒரே விலை வைத்ததால் செலவு அதிகமான வீடுகளை மட்டும் நீங்களே பொறுக்கி எடுத்துக்கொண்டீர்கள்.

மாட்டும் அன்றே டி.டி.எஸ். குறித்துவைத்து, இரண்டு விலை சொல்லுங்கள். அல்லது மெம்பரேனை ஏ.எம்.சி.யிலிருந்து வெளியே எடுங்கள். இரண்டாவது வழியில் தகராறு குறைவு.

கோவை, இல்லத்தரசி: எங்களுக்கு சிறுவாணித் தண்ணி. போன மாசம் ஆர்.ஓ. வாங்கினோம், தண்ணி சப்புன்னு இருக்கு. ஃபில்டர் மாத்தணுமாங்க?

மாற்ற வேண்டாம் அம்மா. இருக்கிற கொஞ்ச உப்பையும் ஆர்.ஓ. எடுத்துவிடுவதால்தான் சப்பென்று இருக்கிறது. குழாய்த் தண்ணீரின் டி.டி.எஸ். அளக்கச் சொல்லுங்கள். இந்தியத் தரநிலையில் 500 வரை ஏற்கத்தக்கது, சிறுவாணி அதற்கு வெகு கீழே. உங்களுக்குக் கிருமியை மட்டும் கொல்லும் யு.வி. போதும்.

ஓசூர், புதிதாகத் தொடங்குபவர்: சிப் வச்ச கார்ட்ரிட்ஜ் பண்ணப் போறேன். வேற ஃபில்டர் போட்டா மெஷின் ஓடாது. அப்போ 60, 40 எல்லாம் இல்ல, நூறும் எனக்குத்தான்?

நூறு வராது. பிடிக்காதவர் மெஷினையே மாற்றிவிடுவார். சொந்த அச்சுக்கு லட்சங்கள் போகும், அதைச் சில நூறு மெஷினில் எடுக்க முடியாது. அமெரிக்காவில் கியூரிக் 2014இல் தன் காபி மெஷினில் வேறு கம்பெனிப் பொட்டலம் வேலை செய்யாதபடி பூட்டினார்கள். வாங்கியவர்கள் கொதித்தார்கள், விற்பனை சரிந்தது.

ஈரோடு, மெக்கானிக் (குறுக்கிட்டு): இது பகல் கொள்ளைங்க. காசு குடுத்து வாங்கின மெஷின், எந்த ஃபில்டர் போடணும்னு அவன் யாரு சொல்ல?

திருச்சி, கம்பெனி டீலர்: நீங்க போடுற டூப்ளிகேட் மெம்பரேனாலதான் ஜனங்க உப்புத்தண்ணி குடிக்கிறாங்க. மூணு வருஷமா மாத்தாத வீட்டை நான் பார்த்திருக்கேன். பூட்டு இருந்தா மாத்தியே ஆகணும்.

ஈரோடு: உங்க பூட்டு தண்ணியவா பார்க்குது? தேதியைத்தானே பார்க்குது!

ஈரோட்டுக்காரர் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். லிட்டரை எண்ணியோ வெளிவரும் டி.டி.எஸ். பார்த்தோ எச்சரிக்கும் மெஷினை நான் ஆதரிக்கிறேன். ஊருக்குப் போய் இரண்டு மாதம் ஓடாத மெஷினைக் காலண்டர் பார்த்து நிறுத்துவது தவறு. திருச்சிக்காரரின் பயமும் உண்மைதான், போலி மெம்பரேன் சந்தையில் இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து பூட்டா, சரியான சரக்கை நியாயமான விலைக்குக் கொடுப்பதா?

திருச்சி: நியாய விலைக்குக் குடுத்தாலும் 200 ரூபா குறைவா எவனாவது தருவான் சார். அங்கதான் போவாங்க.

சிலர் போவார்கள். எத்தனை பேர் என்பதுதான் கேள்வி, அது ஊருக்கு ஊர் மாறும்.

நாமக்கல்: ஃபில்டர்ல எவ்வளவு மார்ஜின் வைக்கலாம் சார்?

சேலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். அதற்கும் முன்னால் திரும்பி வருகிறவர்களை எண்ணுங்கள்.

தூத்துக்குடி: திரும்பி வர்றவங்கள எப்படி எண்றதுண்ணே? பில் புக்கு மட்டும்தான் இருக்கு.

அது போதும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மாதம் விற்ற பில்களை எடுத்து, போன் நம்பரை ஒரு தாளில் எழுதுங்கள். கடந்த பன்னிரண்டு மாத சர்வீஸ் பில்லில் அதே நம்பர் இருக்கிறதா என்று டிக் போடுங்கள். டிக் விழாதவர்களுக்குப் போன் செய்து, விற்கப் பேசாமல், கடைசியாக யார் ஃபில்டர் மாற்றினார்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். மூன்று வகை பதில் வரும்: வேறு ஆள் மாற்றினார், மெஷினே ஓடவில்லை, இன்னும் மாற்றவே இல்லை. மூன்றாவது வகைதான் உங்களுக்கு உடனே திரும்பக் கிடைக்கும். இனி மாட்டும் ஒவ்வொரு ஸ்பன் மேலும் தேதியும் கடை நம்பரும் உள்ள ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அடுத்த தடவை பையன் பவுலைக் கழற்றும்போது, உள்ளே இருப்பது யார் மாட்டியது என்று கேட்காமலே தெரிந்துவிடும்.