இரவு வேலைக்குச் சம்மதம், ஆனால்…

“ஒட்டுசுட்டானில் இருக்கிறேன். வவுனியாவில் வேலை. இடம்மாறவும் இரவு வேலை செய்யவும் சம்மதமா என்று விண்ணப்பத்தில் கேட்டிருக்கிறார்கள். செவ்வாய்தோறும் அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டும். என்ன எழுத?”

தம்பி, ‘எதற்கும் தயார்’ என்று மட்டும் எழுதாதீர்கள். நான் அப்படி எழுதி, முதல் மாத இரவுப் பட்டியலிலேயே மாட்டுப்பட்டேன். ‘குடும்பச் சூழ்நிலை’ என்றும் வேண்டாம். வரமாட்டார் என்றே வாசிப்பார்கள். கிளினிக் செவ்வாய் காலை என்றால், உங்களுக்கு இயலாதது திங்கள் இரவுதான். அதையே எழுதுங்கள்:

“வவுனியாவில் அறை எடுத்துத் தங்குவேன். இரவு வேலைக்குச் சம்மதம். செவ்வாய் காலை அம்மாவின் கிளினிக் இருப்பதால் திங்கள் இரவு மட்டும் இயலாது. பதிலாக ஞாயிறு இரவு செய்வேன்.”

அப்புறம், நேர்முகத்திலும் இதே சொல்லைச் சொல்லுங்கள். வேலைக் கடிதம் வந்ததும் அந்தத் திங்கள் விலக்கு அதில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வையுங்கள்.