புதிர்ப்பாதையில் முட்டுச்சந்துகளைக் குறைப்பது எப்படி?

கேள்வி: பிரிம் முறையில் 20×20 புதிர்ப்பாதை உருவாக்குகிறேன். எங்கு பார்த்தாலும் குட்டி முட்டுச்சந்துகள். நீண்ட பாதைகள் வர எந்த அல்காரிதம் நல்லது?

பதில்: பிரிம் முறை, எல்லையிலுள்ள கட்டங்களில் ஒன்றைக் கண்மூடித்தனமாகத் தேர்ந்தெடுத்து அங்கிருந்து வளர்வதால், எந்தப் பாதையும் நீள்வதற்குள் வேறிடத்தில் கிளை பிரிந்துவிடுகிறது, உங்கள் 400 கட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை முட்டுச்சந்துகளாவது அதனால்தான். கடைசியாகச் சேர்த்த கட்டத்திலிருந்தே தொடரும் பின்வாங்கு முறையில் இது ஏறத்தாழ 40 ஆகக் குறையும். ஆனால் அதில் கிளைகள் அரிது என்பதால், தவறான வழியில் திரும்பியவர் வெகுதூரம் நடந்த பிறகே அதை உணர்வார்.

ஆகவே இரண்டையும் கலக்கும் 'வளரும் மரம்' முறையையே நான் பரிந்துரைப்பேன். செயலில் உள்ள கட்டங்களின் பட்டியலிலிருந்து அடுத்ததை எடுக்கும் வரி மட்டுமே மாறும்:

```python
i = -1 if random() < 0.75 else randrange(len(active))
cell = active[i]
```

அந்தக் கட்டத்துக்குப் புதிய அண்டைக் கட்டம் இல்லையெனில் அதைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். 0.75 ஐக் கூட்டினால் பாதைகள் நீளும், குறைத்தால் கிளைகள் பெருகும்.

சுழல்கள் இல்லாத எந்தப் புதிர்ப்பாதையிலும் முட்டுச்சந்துகள் முழுமையாக ஒழியா. இன்னும் குறைய வேண்டுமெனில், மூன்று பக்கமும் சுவருள்ள கட்டங்களில் சிலவற்றைத் தேர்ந்து ஒரு சுவரைத் திறக்கலாம். சுவருக்கு அப்பாலும் முட்டுச்சந்தே இருந்தால் ஒரே திறப்பில் இரண்டு நீங்கும். அதன்பின் இலக்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டாகக்கூடும் என்பதால், மிகக் குறுகிய வழியின் நீளத்தை அகலவழித் தேடலால் மீண்டும் அளந்து பாருங்கள்.