வட்டிச் சான்றிதழும் 26ஏஎஸ் படிவமும் ஒத்துப்போகவில்லையே?

கேள்வி: நான் சம்பளக்காரன், புதிய வரிமுறையில் 30% வரம்பில் இருக்கிறேன். 2024-25க்கு வங்கி தந்த வட்டிச் சான்றிதழில் ரூ.1,20,000 என்றும், 26ஏஎஸ் படிவத்தில் ரூ.1,12,000 என்றும் உள்ளது. ரிட்டர்னில் எதைக் காட்டுவது? டெபாசிட்டுகள் இந்த ஆண்டும் தொடர்வதால், ஜூன் மாதம் தவறவிட்ட முன்கூட்டிய வரியை வங்கிக்கே சென்று சலானில் கட்டலாமா?

பதில்: சான்றிதழில் உள்ள ரூ.1,20,000-ஐத்தான் காட்ட வேண்டும். 26ஏஎஸ், டிடிஎஸ் பிடிக்கப்பட்ட வட்டியை மட்டுமே காட்டும். சேமிப்புக் கணக்கு வட்டிக்கு டிடிஎஸ் பிடிப்பதில்லை என்பதால், விடுபட்ட ரூ.8,000 பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். சான்றிதழில் கணக்குவாரியாகப் பிரித்துள்ளதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்ஸையும் திறந்து பாருங்கள். ஒரே டெபாசிட் வட்டி அதில் டிடிஎஸ் பகுதியிலும் வங்கி அளித்த தகவல் பகுதியிலும் இருமுறை வரக்கூடும், இரண்டையும் கூட்டிவிடக் கூடாது. முதிர்வின்போது மொத்தமாகத் தரும் டெபாசிட்டிலும் வட்டி ஆண்டுதோறும் சேர்வதாகவே வங்கி கணக்கிட்டு டிடிஎஸ் பிடிப்பதால், நீங்களும் ஆண்டுதோறும் காட்டிவருவதே நல்லது.

வங்கி பிடித்தது 10%, அதாவது ரூ.11,200 மட்டுமே. வட்டிக்கான உங்கள் வரியோ, 4% செஸ்ஸுடன் சேர்த்து ரூ.37,440. மீதி ரூ.26,240-ஐ தாமதத்துக்கான வட்டியுடன் சுயமதிப்பீட்டு வரியாகக் கட்டிவிட்டே ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும்.

இந்த ஆண்டும் இதே வட்டி வந்து, நீங்கள் 30% வரம்பிலேயே நீடித்தால், மீதி வரி ரூ.10,000-ஐத் தாண்டுவதால் முன்கூட்டிய வரி கட்டாயம். (60 வயதைக் கடந்து, தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு இது பொருந்தாது.) ஜூன் 15 தவணையான 15 சதவீதத்தைத் தவறவிட்டதற்கு 3 மாதங்களுக்கு மாதம் 1% வீதம் சுமார் ரூ.117 வட்டி சேரும். செப்டம்பர் 15க்குள் மொத்தத்தில் 45%, அதாவது ரூ.11,808 கட்டிவிட்டால் அதற்குமேல் வளராது. டிசம்பர் 15க்குள் 75%, மார்ச் 15க்குள் முழுத்தொகை. அலைச்சல் வேண்டாமென்றால், வட்டி வருமானத்தை நிறுவனத்திடம் தெரிவித்துச் சம்பளத்திலேயே கூடுதல் டிடிஎஸ் பிடிக்கச் சொல்லலாம். என் கருத்தில் சம்பளக்காரர்களுக்கு அதுவே வசதி.

வங்கியில் கட்டுவதற்கும் சலானை முதலில் வருமான வரித் துறையின் தளத்தில் e-Pay Tax பகுதியில்தான் தயாரிக்க வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு 2026-27, வரி வகை Advance Tax (100) எனத் தேர்ந்து, வங்கிக் கவுன்ட்டரில் செலுத்தும் முறையைக் குறித்தால் சிஆர்என் எண்ணுடன் சலான் வரும். அதை அச்சிட்டு, 15 நாட்களுக்குள், தேர்ந்தெடுத்த வங்கியின் கிளையில் காசோலையுடன் கொடுங்கள்.

நீங்கள் தடுமாற வாய்ப்புள்ள இடம் மதிப்பீட்டு ஆண்டுதான். சென்ற ஆண்டின் மீதி வரிக்கு 2025-26, Self Assessment Tax (300). முன்கூட்டிய வரிக்கு 2026-27, Advance Tax (100) என இரு தனிச் சலான்கள் தேவை. ஆண்டை மாற்றிக் குறித்துவிட்டால் கட்டிய 7 நாட்களுக்குள்ளும், வரி வகை தவறினால் 30 நாட்களுக்குள்ளும் தளத்திலேயே திருத்தம் கோரலாம். ரசீதிலுள்ள பிஎஸ்ஆர் குறியீடு, சலான் எண், தேதி ஆகியவற்றை ரிட்டர்னில் குறிப்பிட வேண்டியிருக்கும் என்பதால் அதைப் பத்திரப்படுத்துங்கள். சில நாட்களில் அந்தத் தொகை ஏஐஎஸ்ஸில் சரியான ஆண்டின்கீழ் வந்துள்ளதா என்றும் பார்த்துவிடுங்கள்.