சாவியை வாங்கும்போது ஸ்டார் கேட்காதீர்கள்

கேள்வி: ஏற்காட்டில் மூன்று அறை ஹோம்ஸ்டே நடத்துகிறேன். கூகுளில் 12 ரிவ்யூதான் இருக்கிறது. கிளம்பும்போது "அஞ்சு ஸ்டார் போடுங்க" என்று கேட்டால் சிரித்துத் தலையாட்டுகிறார்கள், போடுவதில்லை. ரிவ்யூ போட்டால் காபித்தூள் பாக்கெட் தரலாமா? திருப்தியாகப் போகிறவர்களிடம் மட்டும் கேட்டால் போதுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ரிவ்யூவுக்குப் பதிலாகப் பொருளோ தள்ளுபடியோ தருவதைக் கூகுள் தடை செய்திருக்கிறது. நல்லதாக எழுதக்கூடியவர்களை மட்டும் பொறுக்கிக் கேட்பதும் அதே விதிகளில் தடைதான். "தங்கல் பிடித்ததா?" என்று முதலில் கேட்டு, ஆமாம் என்றவருக்கு கூகுள் லிங்க், இல்லை என்றவருக்கு உங்கள் வாட்ஸ்அப் நம்பர் என்று பிரித்து அனுப்புவதும் இதில் சேரும். மீறினால் ரிவ்யூக்கள் நீக்கப்படலாம், கொஞ்ச காலத்துக்குப் புதிய ரிவ்யூ வராமல் நிறுத்தப்படலாம், போலி ரிவ்யூ நீக்கப்பட்டது என்ற அறிவிப்பு உங்கள் பக்கத்திலேயே தெரியலாம்.

காபித்தூள் கொடுக்க ஆசையாக இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். தங்கிய எல்லோருக்கும், ரிவ்யூ என்ற பேச்சே எடுக்காமல்.

அவர்கள் தலையாட்டிவிட்டுப் போவதற்குக் காரணம் நேரம்தான். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு உங்கள் வாசலில் நிற்பவரின் நிலையைப் பாருங்கள். ஒரு கையில் கார் சாவி, இன்னொரு கையில் பை. இருபது கொண்டை ஊசி வளைவில் குழந்தை வாந்தி எடுக்குமோ என்ற கவலை வேறு. எதிரே வீட்டுக்காரரான நீங்களே நின்று கேட்டால் "சரிங்க" என்பதைத் தவிர அவர் வேறு என்ன சொல்ல முடியும்? ஒருமுறை ஒரு விடுதியில், நான் ரிவ்யூ போட்டு முடிக்கும்வரை வரவேற்பில் இருந்தவர் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து ஸ்டார் போட்டேன். அறையில் விடாமல் சொட்டிய குழாயைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்த ஐந்து ஸ்டாரால் அடுத்து அங்கே தங்கப் போகிறவருக்கு என்ன தெரிந்திருக்கும்?

அதனால் அவர்கள் மலை இறங்கி, வீடு போய்ச் சேர்ந்து, அசதி தீரட்டும். திங்கள் மாலை ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். கூகுளில் உங்கள் பிசினஸ் பக்கத்தில் Ask for reviews என்ற இடத்தில் லிங்க்கும் கியூஆர் கோடும் கிடைக்கும். செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம். நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறோம். எங்கள் வீட்டில் தங்கியது எப்படி இருந்தது என்று நேரம் கிடைத்தால் இந்த லிங்க்கில் எழுதுங்கள். நன்றாக இருந்ததையும் குறையாக இருந்ததையும் இருந்தபடியே எழுதலாம். எழுத முடியாவிட்டாலும் பரவாயில்லை."

இதில் ஸ்டார் என்ற சொல்லே இல்லை, கவனியுங்கள். "உங்கள் ஆதரவு தேவை", "சிறு தொழில், உதவுங்கள்" என்றும் சேர்க்க வேண்டாம். அது இரக்கத்தைக் காட்டி நெருக்குவது. பெங்களூரிலிருந்து வந்தவரென்றால் அவர் புக் செய்தபோது பேசிய மொழியிலேயே அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அதோடு விடுங்கள். தங்குவதற்காகக் கொடுத்த நம்பர் அது.

முகம் சுளித்துப் போனவருக்கும் இதே செய்தி போக வேண்டும். இங்கேதான் பலருக்கும் கை நடுங்கும். கணக்கைப் பாருங்கள். உங்கள் 12 ரிவ்யூவில் பதினொன்று ஐந்து ஸ்டார், ஒன்று மூன்று ஸ்டார் என்று வைத்துக்கொண்டால் சராசரி 4.8. ஒருவர் இரண்டு ஸ்டார் போட்டால் 4.6 ஆகிவிடும். அதே 4.8 சராசரியில் 60 ரிவ்யூ இருந்து இரண்டு ஸ்டார் ஒன்று விழுந்தால் 4.75தான், பெரிதாகத் தெரியாது. எல்லோரிடமும் கேட்டு எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் உங்களுக்குக் காப்பு.

குறையை ரிவ்யூவுக்கு முன்பே பிடிக்க நேர்மையான வழி ஒன்று உண்டு. முதல் நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எல்லா அறைக்கும் போய், "வெந்நீர் வருதாங்க? கம்பளி போதுமா?" என்று கேளுங்கள். பொதுவாக "எல்லாம் ஓகேவா?" என்றால் ஓகே என்றுதான் பதில் வரும். பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் "கீசர்ல சூடு ஏறலைங்க" என்று வாய் திறப்பார்கள். அன்றைக்கே சரிசெய்ய நேரமும் இருக்கும்.

அதையும் மீறி "காலையில் வெந்நீர் இல்லை" என்று இரண்டு ஸ்டார் வந்தால், நீக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். நீக்குவதற்குப் பணம் திருப்பித் தருகிறேன் என்று பேசுவதும் விதிமீறல்தான். அதன் கீழே, "மன்னிக்கணும். அன்று காலை மின்சாரம் நின்றதால் கீசர் ஓடவில்லை. இப்போது விறகு பாய்லர் வைத்திருக்கிறோம்" என்று, உண்மையிலேயே வைத்த பிறகு, எழுதுங்கள்.