மைதாவைக் கழுவி எடுத்த குளூட்டன் மாவில் புரதம் எவ்வளவு?

கேள்வி: 500 கிராம் மைதாவைப் பிசைந்து, ஊறவைத்து, தண்ணீரில் கழுவிக் குளூட்டன் எடுத்தேன். பாக்கெட்டில் 100 கிராமுக்கு 10.5 கிராம் புரதம் என்று போட்டிருக்கிறது. கழுவின பாலைத் தெளியவைத்து, வெயிலில் காயவைத்து நிறுத்தால் மாவுச்சத்து 330 கிராம் இருந்தது. அப்படியானால் மிச்சம் 170 கிராமும் புரதம்தானே? ஆனால் கையில் இருக்கும் உருண்டையே 155 கிராம்தான். எந்தக் கணக்கை நம்புவது?

பதில்: உங்கள் உருண்டையில் உள்ள புரதம் ஏறத்தாழ 40 கிராம். 38-க்குக் கீழேயோ 42-க்கு மேலேயோ போக வாய்ப்புக் குறைவு. நீங்கள் வாங்கிய 500 கிராம் மைதாவிலேயே பாக்கெட் கணக்குப்படி மொத்தம் 52.5 கிராம் புரதம்தான் இருக்கிறது. கழுவுவது புரதத்தை ஓரிடத்தில் திரட்டித் தருமே தவிர, இல்லாத புரதத்தை உண்டாக்காது. எந்த வழியில் கணக்கிட்டாலும் இந்த 52.5 என்பதுதான் தாண்ட முடியாத எல்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால், 170 என்ற விடை வந்தவுடனேயே அது தவறு என்று தெரிந்துவிடும்.

அந்த 170 கிராம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். மைதா என்பது மாவுச்சத்தும் புரதமும் மட்டும் சேர்ந்த கலவை அன்று. தொட்டுப் பார்த்தால் உலர்ந்ததாகத் தோன்றும் மாவிலேயே நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு அளவுக்கு ஈரம் உண்டு. உங்கள் 500 கிராமில் சுமார் 65 கிராம் ஈரம், 350 கிராம் மாவுச்சத்து, 52 கிராம் புரதம், மீதி 33 கிராம் அளவுக்குக் கொழுப்பு, நார், சர்க்கரை, தாது உப்புகள் என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் வெயிலில் காயவைத்த மாவுச்சத்தும் முழுக்க உலர்ந்ததன்று. காற்றில் இருக்கும் ஈரத்தோடு ஒத்துப்போய், நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு ஈரத்தைத் தன்னுள் வைத்துக்கொண்டுதான் நிற்கும். ஆகவே 330 கிராமில் உண்மையான மாவுச்சத்து 290 கிராம், ஈரம் 40 கிராம். இப்போது மிச்சமாகத் தோன்றிய 170 கிராமைப் பிரித்தால், அதில் காணாமற்போன ஈரம் 25 கிராம், உங்கள் கைக்குக் கிடைக்காத மாவுச்சத்து 60 கிராம், கொழுப்பும் நாரும் சர்க்கரையும் சேர்ந்த 33 கிராம், கடைசியாகப் புரதம் 52 கிராம் என்று கணக்கு நேராகிவிடுகிறது.

கைக்குக் கிடைக்காத அந்த 60 கிராம் மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி குளூட்டன் உருண்டைக்குள்ளேயே சிக்கிக்கொண்டிருக்கிறது. மற்றது, மேலே தெளிந்துவிட்டதென்று நினைத்து நீங்கள் சாய்த்து ஊற்றிய தண்ணீரோடு போயிருக்கும். மாவுச்சத்தின் பெரிய மணிகள் சில மணி நேரத்தில் அடியில் படிந்துவிடும். மிகச் சிறிய மணிகளோ நாரின் வழவழப்பான பகுதியோடு சேர்ந்து நெடுநேரம் மிதந்துகொண்டே இருக்கும். சாய்த்த தண்ணீர் கொஞ்சமாவது கலங்கலாக இருந்திருந்தால் இதுதான் காரணம்.

இதைவிட ஆழமான குறை ஒன்றும் கழித்தல் கணக்கில் உண்டு. பெரிய எண் ஒன்றிலிருந்து இன்னொரு பெரிய எண்ணைக் கழித்துச் சிறிய எண் ஒன்றைப் பெற முயலும்போது, பெரிய எண்ணில் நேரும் சிறு பிழை சிறிய எண்ணைப் புரட்டிப்போட்டுவிடும். மாவுச்சத்தை நிறுப்பதில் நூற்றுக்கு ஐந்து பங்கு பிசகினாலே 16 கிராம் மாறிவிடுகிறது; நாம் தேடும் புரதமோ 40 கிராம்தான். இன்னும் ஒரு நாள் வெயிலில் கிடந்தால் மாவுச்சத்தின் எடை குறையும், உடனே உங்கள் புரதக் கணக்கு கூடும். அடியில் படிந்த மாவுச்சத்தைக் காயவைக்காமல் ஈரத்தோடு நிறுப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அந்தப் படிவத்தின் எடையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர்தான். ஆகவே மாவுச்சத்தின் எடையை, கழுவுதல் ஒழுங்காக நடந்ததா என்று பார்க்கும் துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

புரதத்துக்கு நேர் வழி மாவின் எடையிலிருந்து தொடங்குவதுதான். கோதுமைப் புரதம் ஒரே பொருள் அன்று. அதில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு கிளயடின், குளூட்டெனின் என்ற இரண்டு வகைகள். தண்ணீரில் கரையாத இவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குளூட்டன் ஆகின்றன. மீதி ஐந்தில் ஒரு பங்கு ஆல்புமின், குளோபுலின் என்ற கரையும் புரதங்கள். இவை எவ்வளவு கவனமாகக் கழுவினாலும் தண்ணீரோடு போய்விடும். எனவே 52.5 கிராமை 0.8-ஆல் பெருக்கினால் வரும் 42 கிராம்தான் நன்றாகக் கழுவிய உருண்டையில் எதிர்பார்க்கக்கூடிய உச்சம். கையால் கழுவும்போது சிறு துணுக்குகள் நழுவிப்போவது வழக்கம் என்பதால் 0.75-ஆல் பெருக்கி 39 என்று எடுத்துக்கொள்வது நியாயமாக இருக்கும்.

பாக்கெட் எண்ணைப் பற்றியும் ஒரு சொல். ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து ஒரு காரணியால் பெருக்குகிறார்கள். கோதுமைக்கு உரிய காரணி 5.7; உணவுகளுக்குப் பொதுவாகப் பயன்படுத்தும் காரணி 6.25. உங்கள் பாக்கெட்டில் உள்ள 10.5 இரண்டாவது காரணியால் வந்ததாக இருந்தால், முதல் காரணிப்படி அது 9.6 மட்டுமே. எந்தக் காரணி என்று பாக்கெட்டில் எழுதியிருக்காது. தொடக்கத்தில் 38 என்று கீழ் எல்லை சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். தசமப் புள்ளிக்குப் பின்னால் இலக்கங்களைத் தேடுவதில் பொருளில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

இந்த விடையைச் சரிபார்க்க உருண்டையிலிருந்தே தொடங்கும் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை அதிகம். பிழிந்து நீர் வடித்த பச்சைக் குளூட்டனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு இருந்தால், உருண்டையிலிருந்து 50 கிராம் பிய்த்து, மெல்லிய நாடாக்களாக இழுத்து, பட்டர் பேப்பரில் பரப்பி, அவனில் 100 முதல் 105 டிகிரி செல்சியஸ் சூட்டில் உலர்த்துங்கள். மேலே தோல் கட்டிக்கொண்டு உள்ளே ஈரம் தங்கிவிடும் என்பதால், பாதி உலர்ந்ததும் வெளியே எடுத்து நொறுக்கி மீண்டும் வையுங்கள். ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை நிறுத்தும் எடை மாறாமல் இருந்தால் உலர்ந்துவிட்டது என்று பொருள். பழுப்பேறும் அளவுக்குச் சூட்டைக் கூட்டக் கூடாது.

அந்த 50 கிராம் 16.5 கிராமாகக் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். அதாவது நூற்றுக்கு 33 பங்கு. 155 கிராம் உருண்டைக்கு உலர் எடை 51 கிராம். இந்த 51 கிராமும் புரதம் அன்று: கையால் கழுவியதில் சிக்கிய மாவுச்சத்தும், குளூட்டனோடு இறுக ஒட்டிக்கொள்ளும் மாவின் கொழுப்பும் அதில் உண்டு. நன்றாகக் கழுவிய குளூட்டனின் உலர் எடையில் புரதம் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு. ஆகவே புரதம் 38 முதல் 41 கிராம். மாவிலிருந்து தொடங்கிய கணக்கும் இதே இடத்துக்குத்தான் வந்தது. ஒரே மைதாவை அதே முறையில் கழுவும் வரை இந்த 33 என்ற விகிதத்தை மறுபடியும் பயன்படுத்தலாம்; ஒவ்வொரு முறையும் 50 கிராமைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. உலர்ந்த துணுக்குகள் மீண்டும் குளூட்டனாகப் பிசைய வராது. பொடித்துச் சப்பாத்தி மாவில் கலந்துவிடலாம்.

இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் காரணத்தை உருண்டையிலேயே காணலாம். உருண்டை 155-க்குப் பதிலாக 210 கிராம் வந்திருந்தால் மகிழ வேண்டாம். மாவுச்சத்து உள்ளே தங்கியிருக்கிறது, அல்லது பிழியாத தண்ணீர் நிற்கிறது. உருண்டையைக் கொஞ்சம் நல்ல தண்ணீரில் பிழிந்து, அந்தத் தண்ணீரில் மருந்துக் கடை அயோடின் கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் இன்னும் கழுவ வேண்டும். அயோடினின் நிறமே வெளிறித் தெரிந்தால் போதும். சோதித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மாறாக உருண்டை 110 கிராம்தான் வந்தது என்றால் குளூட்டன் துணுக்குகள் தண்ணீரோடு போயிருக்கின்றன. பிசைந்தவுடன் கழுவத் தொடங்குவது இதற்கு வழக்கமான காரணம். மாவு அரை மணி நேரமாவது தண்ணீரில் மூழ்கி ஊற வேண்டும். உருண்டை கையில் சிதறினால் தண்ணீரில் லிட்டருக்கு 20 கிராம் உப்பு கரைத்துக் கழுவிப் பாருங்கள். ஆய்வகங்களில் குளூட்டன் அளக்கும் முறையிலும் இந்த அடர்த்தி உப்புக் கரைசல்தான். எப்படிக் கழுவினாலும் கீழே ஒரு சல்லடை இருக்கட்டும்.

உண்ணும்போது கணக்குப் பிசகுவது பெரும்பாலும் சமைத்த பிறகுதான். கடையில் விற்கும் குளூட்டன் பொடியின் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 75 கிராம் புரதம் என்று பார்த்துவிட்டு, அதே எண்ணைப் பச்சை உருண்டைக்கும் வெந்த துண்டுக்கும் போடுகிறார்கள். அது உலர்ந்த பொடிக்குரிய எண். உங்கள் பச்சை உருண்டையில் 100 கிராமுக்கு 26 கிராம்தான். கொதிக்கும் சாற்றில் வேகவைத்தால் அது மேலும் தண்ணீர் குடிக்கும். 155 கிராம் 240 கிராமாக ஊதினால் 100 கிராமுக்குப் புரதம் 17 கிராமுக்குக் கீழே வந்துவிடும். ஆவியில் வைத்தால் எடை இவ்வளவு கூடாது. மொத்தப் புரதம் இரண்டிலும் அதே 40 கிராம்தான். ஆகவே வெந்தபின் மொத்தத்தையும் ஒருமுறை நிறுத்து, உங்கள் தட்டில் விழுந்தது அதில் எத்தனையில் ஒரு பங்கு என்று பாருங்கள். நான்கில் ஒரு பங்கு என்றால் 10 கிராம். கழுவி முடித்த உருண்டையில் கடலை மாவோ சோயா மாவோ சேர்த்துப் பிசைந்திருந்தால் அதன் புரதத்தைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். அவை கழுவப்படுவதில்லை என்பதால் முழு அளவும் சேரும்.

மேலே சொன்ன காரணிகள் எல்லாம் மைதாவுக்கு மட்டுமே. முழுக் கோதுமை மாவில் பாக்கெட் எண் மைதாவை ஒத்திருந்தாலும், அந்தப் புரதத்தில் கணிசமான பகுதி தவிட்டிலும் முளையிலும் இருப்பது; அது குளூட்டன் ஆகாது. தவிட்டுத் துகள்கள் வலையை அறுத்துத் துணுக்குகளைக் கழியவிடும். தாமும் உருண்டைக்குள் சிக்கி உலர் எடையைக் கூட்டிக் காட்டும். திருநெல்வேலி அல்வாவுக்காகச் சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையும் இப்படிப்பட்டதே: அதில் குளூட்டன் உண்டு, ஆனால் தவிட்டோடு கலந்து கிடப்பதால் எடையைக் கொண்டு புரதம் சொல்ல முடியாது. கணக்கு வேண்டுமென்றால் மைதாவில் செய்யுங்கள். முழுக் கோதுமைதான் வேண்டுமென்றால் ஆய்வகத்தில் கொடுத்து நைட்ரஜன் அளந்து பெறும் எண்ணைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம்.